எந்தக் கதவு?

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. யாரும் இலக்கணம் சொல்லித்தராமலே அழகாகப் பேசுகிறாள். ஆனால் குறிப்பிட்ட வயதுக்குள் கற்காவிட்டால் மொழியின் கதவு மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தக்கலை

பதில்: இந்தக் ‘கதவு’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று வயதிலேயே ஆங்கில வகுப்பில் சேர்க்கச் சொல்லும் சுவரொட்டிகளில் இருந்துதான். அவற்றோடு எனக்குப் பழைய சண்டை உண்டு.

முதலில் இலக்கணம். என் தங்கை மகன் மூன்று வயதில், “அண்ணன் அங்கே நிற்றான்” என்றான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மீன்காரர் விற்கிறார், விற்றார் என்பதைக் கேட்டிருக்கிறான். அதே கணக்கில் நிற்கிறான், நிற்றான் என்று தானே முடித்துவிட்டான். கேட்டதைத் திருப்பிச் சொல்பவனுக்கு இந்தப் பிழை வராது. விதி கண்டுபிடித்தவனுக்குத்தான் வரும். திருத்தினோம், கேட்கவில்லை. ‘நின்றான்’ காதில் விழுந்து விழுந்து, ஓர் ஆண்டில் தானாகவே மாறியது.

இந்தத் திறனுக்குக் கெடு உண்டு, அது பூப்பு வயதோடு முடிகிறது என்று 1967இல் எழுதியவர் மொழி ஆய்வாளர் எரிக் லென்னபர்க். என் மாமியார் இருபது வயதில் கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து விளவங்கோட்டுக்கு வந்தவர். தமிழில் பேரம் பேசுவார், ஒப்பாரி வைப்பார். ஆனால் அவசரத்தில் “பேரன் வந்து” என்பார், ‘வந்தான்’ வராது. மலையாள வினையில் ஆண், பெண் விகுதி கிடையாது. மூளை இறுகியதாலா, மலையாளம் முன்பே இடம்பிடித்ததாலா? அவரை மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்டியவர் சைகை மொழி ஆய்வாளர் ரேச்சல் மேபெரி. 1993இல் அவர் இரு தரப்பினரை ஒப்பிட்டார். இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்பது முதல் பதின்மூன்று வயதில் அமெரிக்கச் சைகை மொழி கற்றவர்கள். ஒரு தரப்பு பிறவியிலேயே காது கேளாதவர்கள். அதற்குமுன் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காதவர்கள். மற்றவர்கள் ஆங்கிலம் பேசி வளர்ந்து பிறகு செவித்திறன் இழந்தவர்கள். பல்லாண்டு பழகிய பின்னும் இரண்டாம் தரப்பே தெளிவாக முந்தியது. வயது மட்டுமே காரணமென்றால் இருவரும் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். ஆக, காலம் தவறினால் பெரிதும் அடிபடுவது முதல் மொழி.

இரண்டாம் மொழிக்கு எந்த வயதில் சரிவு தொடங்குகிறது என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. 2018இல் ஏறக்குறைய 6.7 லட்சம் பேரை இணையத்தில் சோதித்த ஓர் ஆய்வு பதினேழு வயதுவரை கொண்டுபோனது. அந்தக் கணக்கீட்டையே மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் பேத்திக்கு முதல் மொழி கிடைத்துவிட்டது. வகுப்புக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். உங்கள் தெருவில் சத்தத்துக்குத் திரும்பாத கைக்குழந்தை இருந்தால், அதன் பெற்றோரிடம் இன்றே பேசுங்கள்: செவிப் பரிசோதனைக்கு ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.