எண்ணெய்ப் பெட்டி எத்தனை, எப்போது? சரக்குக் கணக்குக் கேள்வி பதில்

மளிகைக் கடைக்காரர், விருதுநகர்: சூரியகாந்தி எண்ணெய், ஒரு லிட்டர் பாக்கெட் 10 போட்ட பெட்டி, வாரத்துக்கு 40 தவறாமல் போகிறது. அடக்கம் 1,300 ரூபாய். நாங்களே பிக்கப் வண்டி பிடித்து ஏற்றி வருகிறோம், நடைக்கு 800 ஆகிறது. ஒரு பெட்டியை ஒரு வருடம் வைத்திருந்தால் 260 செலவு என்று மகன் கணக்குப் போட்டான். ஒரு நடைக்கு எத்தனை பெட்டி எடுத்தால் மொத்தச் செலவு குறையும் என்று சொல்லும் சிக்கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் 16 பெட்டி என்று வருகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நடை விட வேண்டுமா?

வேண்டாம். விற்பனையை வாரக் கணக்கிலும் வைத்திருக்கும் செலவை வருடக் கணக்கிலும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கால அளவில் இருக்க வேண்டும். 260-ஐ 52-ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்கு வாரம் 5 ரூபாய். இப்போது போட்டுப் பாருங்கள். இரண்டு, வார விற்பனை, நடைச் செலவு மூன்றையும் பெருக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்:

```
Q = √(2 × 40 × 800 ÷ 5) = √12800 ≈ 113
```

வருடக் கணக்கில் 2,080 பெட்டி, 260 ரூபாய் என்று போட்டாலும் இதே 113 வரும். இரண்டு வழியிலும் போட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

அந்த 800, 260 இரண்டும் எப்படி வந்தன என்றும் சொல்லுங்கள். சூத்திரத்தைவிட அங்கேதான் தவறு அதிகம் நடக்கும்.

அவரே: வண்டி வாடகை 650, கூடப் போகும் பையனுக்குப் படி 150. ஏற்று இறக்கு கூலி பெட்டிக்கு 4 ரூபாய் தனி, அதை அடக்கத்தில் சேர்த்துவிட்டோம். 260-இல் பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம், அதாவது 156. குடோன் வாடகைப் பங்கு 70. கசிவு, எலிக்கடி 34.

கூலியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று போகும் எதுவும் நடைச் செலவில் வரக்கூடாது, ஏனென்றால் 10 நடையில் எடுத்தாலும் 50 நடையில் எடுத்தாலும் வருடத்துக்கு அதே கூலிதான். குடோன் வாடகையில் மட்டும் எனக்குச் சந்தேகம். எண்ணெய் குறைந்தால் அந்த இடத்தில் வேறு சரக்கு வைப்பீர்களா? வைப்பீர்கள் என்றால் 70 நியாயம். இடம் சும்மா கிடக்கும் என்றால் அதை எடுத்துவிடுங்கள், அளவு 130-க்குப் பக்கத்தில் போகும். இப்போதைக்கு 260 என்றே வைத்துப் பேசுகிறேன்.

113 என்பதை 120 ஆக்கிக்கொள்ளுங்கள், சரியாக மூன்று வாரச் சரக்கு. அடுத்த கேள்விக்கான பதிலில் ஏன் என்று தெரியும்.

மொத்தமும் சில்லறையும், சாத்தூர்: முப்பது வருடமாக இந்தச் சூத்திரம் எதுவும் இல்லாமல் கடை நடத்துகிறேன். எனக்கும் கிட்டத்தட்ட இதே விற்பனை, இதே செலவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 80 பெட்டி எடுப்பேன். நான் எவ்வளவு நஷ்டப்பட்டிருப்பேன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அண்ணாச்சி, உங்கள் கணக்கு நல்ல கணக்கு. 80 என்றால் வருடத்துக்கு 26 நடை, 20,800 ரூபாய். கையில் சராசரியாக நிற்பது அதில் பாதி, 40 பெட்டி. அதற்கு 10,400. மொத்தம் 31,200. இதையே 113 ஆக எடுத்தால் மொத்தம் சுமார் 29,400. வருடத்துக்கு 1,800 ரூபாய்தான் வித்தியாசம். 120 எடுத்தாலும் 113-ஐவிட ஐம்பது ரூபாய்தான் கூடும்.

இன்னொன்று பாருங்கள். 160 பெட்டியாக எடுப்பவருக்கும் 13 நடை, சராசரி 80 பெட்டி என்று அதே 31,200தான் வருகிறது. அப்படியிருந்தும் 80-தான் என் தேர்வு. பாதிப் பணம்தானே முடங்குகிறது.

வாரா வாரம் 40 எடுத்திருந்தால் கதை வேறு. 52 நடைக்கே 41,600 போய்விடும், மொத்தம் 46,800. அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். இந்த அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். எப்போது ஆர்டர் சொல்வது என்பது பொறுக்காது. என்னைக் கேட்டால் உங்கள் நேரத்தை அதில் செலவிடுங்கள்.

பி.காம் மாணவி, திருநெல்வேலி: எத்தனை பெட்டி மிஞ்சும்போது ஆர்டர் சொல்வது என்பதற்குத்தான் மறு ஆர்டர் மட்டம் இருக்கிறதே சார். அதிகபட்ச விற்பனையை அதிகபட்சக் காத்திருப்புக் காலத்தால் பெருக்கினால் போதும், சரக்கு ஒருபோதும் தீராது. விருதுநகர்க்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வது பரீட்சைக்கு முழு மார்க் வாங்கித் தரும் அம்மா, கடைக்குப் பாதிதான் பொருந்தும். அவரிடம் இரண்டு விவரம் கேட்டு வாங்கினேன். ஆர்டர் சொன்னால் வழக்கமாக நாலு நாளில் சரக்கு வந்து இறங்கும், மிகவும் இழுத்தால் ஏழு நாள். மிக அதிகமாக விற்ற வாரத்தில் 50 பெட்டி. உங்கள் சூத்திரப்படி 50 பெட்டி இருக்கும்போதே ஆர்டர் சொல்ல வேண்டும்.

ஆனால் மிக அதிக விற்பனையும் மிக நீண்ட தாமதமும் ஒன்றாக வருவது அபூர்வம். நான் அவரைக் கேட்டது வேறு: கடைசிப் பத்து ஆர்டரில், சொன்ன நாளிலிருந்து சரக்கு இறங்கும் வரை எத்தனை பெட்டி விற்றது? சிட்டையைப் புரட்டி எடுத்துக் கொடுத்தார்: 21, 24, 22, 27, 23, 20, 25, 38, 22, 24.

இந்த ஒரு வரிசைக்குள் விற்பனையின் ஏற்ற இறக்கமும் தாமதத்தின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. 38-ஐ விட்டுவிட்டால் மற்ற ஒன்பதும் 27-க்குள் இருக்கின்றன. அந்த 38 எப்போது என்று கேட்டேன். பொங்கல் வாரமாம், மொத்தக் கடை நாலு நாள் திறக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்த ஒரு வாரத்துக்காக வருடம் முழுக்கக் கூடுதல் பெட்டி அடுக்கி வைப்பது வீண். மட்டத்தை 30 என்று வைத்துக்கொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடலாம். 50-க்கும் 30-க்கும் இடையில் உள்ள 20 பெட்டியை நிரந்தரமாக வைத்திருக்க வருடத்துக்கு 5,200 ரூபாய் ஆகும்.

அதே மாணவி: ஆனால் எண்ணெய் இல்லை என்று ஒரு வீட்டுக்காரர் திரும்பிப் போனால், மாதச் சாமான் மொத்தமும் அடுத்த கடைக்குப் போய்விடுமே? அந்த நஷ்டம் 5,200-க்கு மேல் இருக்காதா?

இருக்கலாம். பாக்கெட்டில் கிடைக்கும் லாபத்தை மட்டும் பார்த்தால் 30 போதும். நீங்கள் சொல்லும் வாடிக்கையாளரை எண்ணினால் 35, 38 கூட நியாயம்தான். அந்த இழப்பை ரூபாயில் எழுத எனக்கு நம்பகமான வழி கிடைத்ததில்லை. பத்து ஆர்டர் என்பதும் சின்னக் கணக்குதான். இருபது முப்பது சேர்ந்த பிறகு அவர் மறுபடி பார்க்க வேண்டும்.

மளிகைக் கடைக்காரர், விருதுநகர்: மொத்த வியாபாரி ஒரே தடவையில் 200 பெட்டி எடுத்தால் பெட்டிக்கு 5 ரூபாய் குறைக்கிறேன் என்கிறார். வருடத்துக்கு 10,400 மிச்சம். எடுக்கலாமா?

உங்கள் பிக்கப்பில் 200 பெட்டி ஏறுமா? ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். பாக்கெட், அட்டை எல்லாம் சேர்த்தால் பெட்டி ஒன்பதரை கிலோவாவது வரும். 200 பெட்டி 1,900 கிலோ. ஒரே நடையில் வரும் என்றால் நடைச் செலவு 8,320, வைத்திருக்கும் செலவு, விலை குறைவதால் பெட்டிக்கு 259 வீதம், 25,900, மொத்தம் 34,220. 120 எடுக்கும் செலவைவிட 4,750 கூடுதல். 10,400 தள்ளுபடி கிடைப்பதால் ஐயாயிரத்துச் சொச்சம் லாபம்.

இரண்டு நடை என்றால் மொத்தம் 42,540 ஆகிவிடும். தள்ளுபடி போகவும் 2,700 ரூபாய் கைநஷ்டம். வண்டியைக் கேட்டுவிட்டு வியாபாரியிடம் பேசுங்கள். 7 ரூபாய் குறைத்தால் இரண்டு நடையிலும் கட்டுப்படியாகும்.

பெட்டிக்கடை, தேனி: என் கடைக்கு வியாழக்கிழமை பிஸ்கட் கம்பெனி லைன் ஆள் வந்து ஆர்டர் எடுப்பார், சனிக்கிழமை சரக்கு வரும். வண்டி வாடகை எனக்குக் கிடையாது. நான் 800-க்குப் பதில் பூஜ்யம் போட்டால் விடையும் பூஜ்யம் வருகிறது.

உங்கள் கேள்வியே வேறு அக்கா. நாள் ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் சிக்கன அளவும் மறு ஆர்டர் மட்டமும் உங்களுக்குத் தேவையில்லை. இன்று சொல்லும் ஆர்டர், அடுத்த ஆர்டரின் சரக்கு வரும் வரை தாங்க வேண்டும். அதாவது இந்த வியாழனிலிருந்து அடுத்த வாரச் சனிக்கிழமை வரை, 9 நாள். வாரம் 28 பாக்கெட் போனால் 9 நாளுக்கு 36. கைக்காவலாக 6 சேர்த்தால் 42. அலமாரியில் 15 இருந்தால் 27 சொல்லுங்கள். பலர் 7 நாளைக்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள், அதனால் வெள்ளிக்கிழமை தட்டு காலியாகிறது.

பாத்திரக்கடை, கும்பகோணம்: நாச்சியார்கோவில் பட்டறையில் குத்துவிளக்கு சொல்லி வாங்குகிறேன். வாரம் 10 போகும், சொன்னால் ஆறு வாரம் ஆகும். சிக்கன அளவு 40 வருகிறது. மட்டம் 60 வருகிறது. என் கடையில் எப்போதும் 40-க்கு மேல் விளக்கு இருந்ததே இல்லை. அப்படியானால் தினமும் ஆர்டர் போட வேண்டுமா?

அந்த 60-ஐ அலமாரியில் மட்டும் தேடாதீர்கள். கையில் இருப்பது, சொல்லி இன்னும் வராதது, இரண்டையும் கூட்டி 60 வரும்போது அடுத்த 40-ஐச் சொல்லுங்கள். உங்களுக்கு நாலு வாரத்துக்கு ஒரு ஆர்டர். புதிதாகச் சொல்லும் நாளில் முந்தைய 40 இன்னும் பட்டறையில் இருக்கும், அலமாரியில் 20 இருக்கும். அந்த 20 இரண்டு வாரம் ஓடும். சரியாக அப்போது முந்தைய ஆர்டர் வந்து இறங்கும். அதனால் கடைப் பையனிடம் "20 ஆனதும் சொல்" என்றால் போதும், முந்தைய ஆர்டர் பாக்கி இருக்கும் வரை.

பட்டறை ஒரு வாரம் தாமதித்தாலும் தட்டு காலியாகாமல் இருக்க 10 விளக்கு கூடுதலாக வேண்டும். அப்போது கூட்டுத்தொகை 70, அலமாரியில் 30.

மளிகைக் கடைக்காரர், விருதுநகர்: கடைசியாக ஒன்று. 2024 செப்டம்பரில் இறக்குமதி வரி ஏறியபோது எண்ணெய் விலை சட்டென்று ஏறியது. அந்த மாதிரி நேரத்திலும் 120-தானா?

இல்லை. இந்தச் சூத்திரம் விலை நிலையாக இருக்கிறது என்று நம்பிப் போடப்பட்டது. அந்த மாதம் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. அப்படி ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தால், உங்கள் வாரம் 5 ரூபாய்க் கணக்கு உதவும். பெட்டிக்கு 20 ரூபாய் ஏறப்போகிறது என்றால், வழக்கத்தைவிட நாலு வாரம் கூடுதலாகத் தூங்கும் பெட்டி வரை வாங்கி வைப்பது கட்டும். அதற்கு மேல் வட்டியும் கசிவும் தின்றுவிடும். உறுதியாகத் தெரிந்தால் என்பதுதான் சிக்கல். 2025 மே கடைசியில் அதே வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு முன் அடுக்கி வைத்தவருக்குக் கையில் இருந்தது பழைய விலைச் சரக்கு.