விபத்துக்குப் பிறகு ஞாபகம் நிற்காதவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: கணவருக்கு பைக் விபத்தில் தலையில் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. பழைய கதையெல்லாம் சொல்கிறார், காலையில் என்ன நடந்தது என்றால் தெரியவில்லை. "யோசிச்சுப் பாருங்க, மாத்திரை எங்கே இருக்கு?" என்று தினமும் கேட்டுப் பழக்குகிறோம். தவறாகவே சொல்கிறார். வேறு என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கேள்வியை நிறுத்திவிடுங்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனால் தவறான விடை ஊன்றிப்போவதே அதனால்தான்.

"அலமாரியில்" என்று அவர் சொல்கிறார், "இல்லை, மேசை மேல்" என்று நீங்கள் திருத்துகிறீர்கள். திருத்தியது உதவ வேண்டுமானால், தான் தவறாகச் சொன்னது அவருக்கு நினைவிருக்க வேண்டும். அடிபட்டிருப்பது அந்த நினைவுதான். செய்து செய்து கை பழகும் இன்னொரு வகை நினைவு பெரும்பாலும் தப்பியிருக்கும். அதற்குச் சரி தவறு தெரியாது, வாயில் வந்தது எதுவோ அதையே பிடித்துக்கொள்ளும். 1994-இல் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் இதைச் சோதித்தார்கள். சொல்லின் முதல் இரண்டு எழுத்தைக் கொடுத்து ஊகிக்க விட்டதைவிட, சொல்லையே சொல்லி எழுதவைத்தபோது கடும் மறதி உள்ளவர்கள் நன்றாகக் கற்றார்கள். மறதி லேசாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம் குறைவு, அவர் தானே யோசிப்பதும் பலன் தரும்.

எதைக் கற்றுக்கொடுப்பது? ஞாபகத்தையே வளர்க்க முயல வேண்டாம். மூளைப் பயிற்சி செயலிகளில் விளையாடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும், மாத்திரை மறப்பது அப்படியே இருக்கும். ஞாபகத்தின் வேலையைச் செய்யும் பொருளைப் பயன்படுத்தவே பழக்குங்கள். உதாரணத்துக்கு வலிப்பு மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

ஃபோன் அலாரத்தில் வெறும் மணி போதாது. "மேசை மேல் நீல டப்பா. மாத்திரை போடு. டைரியில் டிக் போடு" என்று திரையில் தெரிய வேண்டும். டப்பாவில் கிழமைக்கும் வேளைக்கும் தனித்தனி அறை இருக்கட்டும், அப்போதுதான் போட்டதை மறந்து இன்னொரு முறை போடுவது தெரியவரும். நடுவே பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அறுந்துபோகும்: அலாரத்தை அணைப்பார், மேசைக்குப் போவதற்குள் எதற்கு எழுந்தோம் என்பது போய்விடும். ஆகவே ஃபோனைக் கையில் வைத்தபடி நடந்து, மாத்திரையை எடுத்த பிறகே அணைப்பது என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

பழக்கும்போது அலாரத்தை ஒலிக்கவிட்டு, கூடவே நடந்து, ஒவ்வொரு படியையும் நீங்களே சொல்லிச் செய்யவையுங்கள். மாத்திரை வேளை அல்லாத நேரத்தில் காலி டப்பாவை வைத்து ஒத்திகை பாருங்கள். உடனே, "அலாரம் அடித்தால் என்ன செய்வீர்கள்?" "நீல டப்பாவுக்குப் போவேன்." பதினைந்து நொடி கழித்து அதே கேள்வி, பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. (நீங்கள் தினமும் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இடைவெளிதான். விடை கையில் இருக்கும்போதே கேட்கிறோம்.) தயங்கினால் ஊகிக்க விடாமல் விடையை நீங்களே சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் "நீல டப்பா" என்றும் மாமியார் "மருந்துப் பெட்டி" என்றும் சொன்னால் அவருக்கு அவை இரண்டு பாடங்கள். தடுமாற்றமில்லாமல் வரத் தொடங்கியதும் உங்கள் உதவியைக் கடைசிப் படியிலிருந்து குறையுங்கள்: முதலில் டிக் போடுவதைச் சொல்லாதீர்கள், பிறகு மாத்திரை எடுப்பதை.

இலக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள். "பழையபடி ஆகணும்" என்று யாராவது சொன்னால் மறுத்து வாதாட வேண்டாம். "ஆனால் எந்த வேலையை அவரே செய்வார்?" என்று கேளுங்கள், பேச்சு மாத்திரைக்கோ கடைக்கோ இறங்கிவரும். பிறகு அந்த இலக்குக்கு −2 முதல் +2 வரை மதிப்பெண் வையுங்கள். மாத்திரை வாரத்துக்கு 14 வேளை. இன்று எல்லாமே நீங்கள் சொல்லித்தான் நடக்கிறது என்றால் அது −2. ஆறு வாரத்தில் யாரும் வாயால் சொல்லாமல் 10 வேளை என்பது எதிர்பார்ப்பு, அது 0. ஐந்தாறோடு நின்றால் −1, 12 வந்தால் +1, பதினான்கும் வந்தால் +2. 1968-இல் கிரேசுக், ஷெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த இந்த அளவுகோல் மறுவாழ்வு மையங்களில் இன்றும் உண்டு. "முன்னேற்றமே இல்லை", "நல்லா ஆயிட்டார்" என்று ஒரே வாரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் சண்டை இதனால் குறையும். இலக்கு 10 என்பதால் மீதி நான்கை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. வலிப்பு மாத்திரை தவறக் கூடாது, அலாரம் அடித்துப் பத்து நிமிடத்தில் டிக் இல்லையென்றால் டப்பாவைப் பாருங்கள், அந்த வேளையின் அறையில் மாத்திரை இருந்தால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள், அந்த வேளையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்படிக் கற்றது இடம் மாறினால் கூடவே வராது. ஃபோனை மாற்றினாலோ, அலார ஒலியை மாற்றினாலோ, பொங்கலுக்கு ஊருக்குப் போனாலோ மறுபடி பழக்க வேண்டியிருக்கும். ஊருக்குப் போகும்போது அதே நீல டப்பாவையும் அதே டைரியையும் எடுத்துப்போய், போன அன்றே புது மேசையில் வைத்து நாலைந்து முறை கூடவே நடந்து காட்டுங்கள்.