உடலுக்குள் வெடிக்கும் தோட்டா: போர்ச் சட்டமும் புதிய ஆயுத ஆய்வும் – கேள்வி பதில்

(பதில் சொல்பவர் தோட்டாச் சோதனைக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் ஆயுதங்களின் சட்ட ஆய்வுக்கு வந்தவர்.)

கயல்விழி: சட்டம் படிக்கிறேன். போர் என்றாலே காயப்படுத்துவதுதான். அதில் எது 'மிகையான காயம்' என்று எதை வைத்து அளக்கிறார்கள்?

காயம் எவ்வளவு கொடூரமானது என்பதை மட்டும் வைத்து அளப்பதில்லை. அந்தக் கொடூரத்துக்கு ஈடாக ராணுவத்துக்கு என்ன பயன் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

இந்த விதி பிறந்த கதையே நல்ல விளக்கம். 1863-ல் ரஷ்ய ராணுவம் ஒரு வெடிக்கும் தோட்டாவை உருவாக்கியது. கெட்டியான பொருளில் மோதினால்தான் அது வெடிக்கும். எதிரியின் வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பதற்காகச் செய்தது அது. 1867-ல் அதை மாற்றியமைத்தபோது மென்மையான பொருளில் பட்டாலும் வெடித்தது. மென்மையான பொருள் என்றால் மனித உடலும்தான்.

ஒரு சிப்பாயைச் சண்டையிலிருந்து விலக்கச் சாதாரணத் தோட்டாவே போதும். அது உள்ளே போய் வெடிப்பதால் எதிரிப் படையில் கூடுதலாக ஒரு ஆள்கூடக் குறைவதில்லை; அடிபட்டவனின் வேதனைதான் கூடுகிறது. இதை ரஷ்யர்களே உணர்ந்து மற்ற நாடுகளை அழைத்தார்கள். 1868-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடி, 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் குண்டுகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977-ன் முதலாம் கூடுதல் நெறிமுறையில் 35-ஆம் பிரிவு சொல்வதும் அந்தத் தர்க்கத்தைத்தான்.

செந்தில்: அப்படியானால் 400 கிராமுக்குக் கீழே எது வெடித்தாலும் சட்டவிரோதம். உடலில் பட்டதும் விரியும் டம்டம் தோட்டாவும் 1899-ல் தடைசெய்யப்பட்டதால் காவல் துறையும் அதைத் தொட முடியாது. சரிதானே?

பாதி சரி. 400 கிராம் என்ற எண் காலத்தில் தேய்ந்துவிட்டது. போர் விமானங்களின் 20 மில்லிமீட்டர் குண்டு சுமார் 100 கிராம்தான், அதுவும் வெடிக்கும். விமானங்களையும் வாகனங்களையும் நோக்கிச் சுடப்படும் அதை யாரும் சட்டமீறலாகப் பார்ப்பதில்லை. இன்று எஞ்சி நிற்பது அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கருத்து: உடலுக்குள் வெடிக்கும் தோட்டாவை மனிதர்மேல் பயன்படுத்தக் கூடாது.

டம்டம் தடை போருக்கானது. நெரிசலான இடத்தில் சுட வேண்டிவந்தால் தோட்டா உடலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர்மேல் பாயக் கூடாது என்பதற்காகவே, விரியும் தோட்டாவைப் பல நாடுகளின் காவல் துறைகள் வைத்திருக்கின்றன. அங்கே அந்தக் கூடுதல் காயத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

ஆரோக்கியம்: புதிய ஆயுதத்தைச் சட்டப்படி ஆய்வு செய்யும் கடமை நாடுகளுக்கு உண்டு என்கிறார்களே, அது தாளில் மட்டும் இருக்கிறதா, உண்மையில் ஏதாவது செய்கிறார்களா?

கடமை அதே நெறிமுறையின் 36-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு ஆயுதத்தை ஆராயும்போதும், உருவாக்கும்போதும், வாங்கும்போதும், படையில் சேர்க்கும்போதும், அதன் பயன்பாடு சில சூழல்களிலாவது தடைசெய்யப்பட்டதா என்று அந்த நாடு தீர்மானிக்க வேண்டும். ஸ்வீடனும் அமெரிக்காவும் 1974-லேயே இத்தகைய ஆய்வைத் தொடங்கிவிட்டன. அமெரிக்கா அந்த நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை என்பது வேடிக்கை. சேர்ந்த நாடுகளிலோ முறையான ஆய்வு அமைப்பு வைத்திருப்பவை குறைவு.

உண்மையில் என்ன செய்வது என்பதற்கு 12.7 மில்லிமீட்டர் பல்நோக்குத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். எடை நாற்பது கிராம் சொச்சம். அதன் உள்ளே கடினமான உள்தண்டு, வெடிமருந்து, தீமூட்டும் கலவை மூன்றும் இருக்கின்றன. வெடிக்கவைக்கத் தனிக் கருவி கிடையாது. மூக்கு நசுங்கும்போது தீமூட்டும் கலவை பற்றி, அது வெடிமருந்தைக் கிளப்புகிறது. தகட்டைத் துளைத்து உள்ளே போய் வெடிக்க வேண்டும் என்பது நோக்கம். வாகனத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் எதிராக என்று தாளில் எழுதியிருக்கும்.

ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தத் துப்பாக்கியில் ஏற்றப்படும் என்பது. தொலைதூரக் குறிபார்ப்பவரின் துப்பாக்கியிலும் இதே தோட்டா போகிறது என்றால், மனிதர்மேல் சுடப்படும் என்று எதிர்பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கணமே வாகனத்துக்கானது என்ற தாள் செல்லாக்காசு.

அடுத்தது சோதனை. தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியிலோ கிளிசரின் சோப்புக் கட்டியிலோ சுடுகிறோம். ஜெலட்டின் மீண்டும் மூடிக்கொள்ளும்; சோப்பு குழிவை அப்படியே வைத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். இந்த வகைத் தோட்டா குழல் முனையை விட்டு வெளிவரும்போதே சுமார் 17,000 ஜூல் ஆற்றலோடு பாய்கிறது. வெடிக்காமலே பெரும் குழிவை உண்டாக்கிவிடும். பெரிய குழிவைப் பார்த்து 'வெடித்தது' என்று எழுதக் கூடாது. அதிவேகக் கேமராவில் ஒளிப்பொறி தெரிகிறதா, குழிவின் சுவரில் எரிந்த கலவையின் கரி படிந்திருக்கிறதா, எக்ஸ்ரேயில் உறைச் சில்லுகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்று மூன்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வெறும் கட்டியில் சுட்டால் போதாது. எலும்புக்கு ஈடான பொருளையும், முன்னால் உடற்கவசத் துண்டையும் வைத்துச் சுட வேண்டும். மூக்கு நசுங்குவது அங்கேதான்.

1990-களின் இறுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு இத்தகைய தோட்டாவைச் சோதித்துப் பார்த்து, மனித உடலுக்கு ஈடான கட்டிகளுக்குள் அது வெடிக்க முடியும் என்று கவலை தெரிவித்தது.

முருகானந்தம்: நானும் ராணுவத் தளவாடத் துறையில் இருந்தவன். உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. தயாரித்த தரப்பு அதை மனிதர்மேல் வெடிக்கும்படி வடிவமைக்கவே இல்லை. வடிவமைப்பின் நோக்கம்தானே சட்டம்?

ஐயா, அதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு. போர் முறை பற்றிய 1899, 1907 ஹேக் விதிகளின் பிரெஞ்சு மூலம் ஆயுதத்தின் தன்மையைப் பேசுகிறது. 1907-ன் ஆங்கிலப் பெயர்ப்பு நோக்கத்தைப் பேசுவதுபோல ஒலிக்கிறது. 1977-ன் நெறிமுறை தன்மையின் பக்கமே நின்றது. எனவே எதிர்பார்க்கத்தக்க விளைவையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முருகானந்தம்: எதிர்பார்க்கத்தக்கது என்றால் எத்தனை? நூறு தோட்டாவில் ஐந்து வெடித்தால்?

சட்டத்தில் அந்த எண் இல்லை. ஐந்துக்கு நான் நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்திருப்பேன்: வாகனம், கருவிகளுக்கு எதிராக மட்டும் என்று எழுதி, குறிபார்ப்பவரின் கையில் கொடுக்காமல். ஐம்பதுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதில் உங்களோடு சண்டை போட எனக்கு உரிமை இல்லை.

பாத்திமா: தெருவில் ஒரு பையன் லேசர் விளக்கை என் கண்ணில் அடித்துவிட்டான். இரண்டு நாள் பார்வை மங்கியது. குருடாக்கும் லேசர் தடையின் கீழ் புகார் கொடுக்கலாமா?

முடியாது அம்மா. அது உள்ளூர்க் குற்றவியல் சட்டத்தின் பாடு. முதலில் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் தடை 1995 அக்டோபரில் வியன்னாவில் ஏற்கப்பட்ட நெறிமுறை. நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே வடிவமைத்த லேசர் ஆயுதங்களை அது தடுக்கிறது. தூரம் அளக்கும் லேசர் தற்செயலாகக் கண்ணில் பட்டால் அது இந்தத் தடைக்குள் வராது. முருகானந்தம் ஐயாவுக்கு இது பிடிக்கும். இங்கே வடிவமைப்பின் நோக்கத்தையே அளவுகோலாக்கிவிட்டார்கள்.

கயல்விழி: ஆயுதத்தை விற்கும் நாடு ஆய்வு செய்திருந்தால், வாங்கும் நாடும் மறுபடி செய்ய வேண்டுமா?

வேண்டும். வாங்குவதும் அந்த 36-ஆம் பிரிவுக்குள் வருகிறது. விற்பவரின் நாடு வேறு ஒப்பந்தங்களில் சேர்ந்திருக்கலாம்; அவர்கள் வேறு துப்பாக்கியில் அதைப் பயன்படுத்தலாம். சோதனைகளைத் திரும்பச் செய்யப் பணமில்லாத நாடுகள் விற்பவரின் சான்றிதழை வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுகின்றன. நான் அந்த இடத்தில் இருந்தால் சான்றிதழைக் கேட்க மாட்டேன். எத்தனை தோட்டா சுட்டீர்கள், எந்தத் தூரத்தில், கட்டிக்கு முன்னால் என்ன வைத்தீர்கள், எத்தனை வெடித்தன என்ற சோதனைக்கூடப் பதிவேட்டைக் கேட்பேன். அதைத் தர மறுத்தால் அந்த மறுப்பையும் ஆய்வு அறிக்கையில் எழுதி வைப்பேன்.