ஒரு கிட்னி ரத்தக்குழாய் சுருங்கினா பிபி ஏன் ஏறுது, பொட்டாசியம் ஏன் இறங்குது?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு வயசு 61. அம்லோடிபின் போட்டும் பிபி 178/104. பொட்டாசியம் 3.1 தான் இருக்குன்னு சிரப் குடுத்தாங்க. ஸ்கேன்ல இடது கிட்னி சின்னதா இருக்கு, அதுக்கு போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்குன்னு வந்துச்சு. கிரியாட்டினின் 1.1. இப்போ டெல்மிசார்டன் ஆரம்பிச்சு பத்து நாள்ல ரத்த டெஸ்ட் பண்ண சொல்லிருக்காங்க. கிட்னி குழாய்க்கும் பொட்டாசியத்துக்கும் என்ன சம்பந்தம்? சிரப்பை தொடரலாமா?

பதில்: சிரப் விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம். டெல்மிசார்டனோட சேத்து அதை நீங்களா தொடர வேணாம், இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணி நிறுத்தணுமான்னு கேளுங்க. ரெண்டும் பொட்டாசியத்தை ஒரே பக்கமா மேல தள்ளும்.

இப்போ காரணத்துக்கு வரேன். கிட்னிக்குள்ள ரத்தத்தை வடிகட்டறது பொடிப்பொடியான ரத்தக்குழாய் முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ரத்தம் உள்ள வர ஒரு குழாய், வெளிய போக ஒரு குழாய். உள்ள வர்ற குழாயோட சுவர்லயே சில செல்கள் இருக்கு, அந்த சுவர் எவ்வளவு இழுபடுதுங்கறத வச்சுதான் அதுங்க பிபியை கணிக்குது. தளர்ந்து போனா ரத்தம் பத்தலன்னு நினைச்சு ரெனின்ங்கற என்சைமை ரத்தத்துல விடும்.

உங்க அம்மா கேஸ்ல என்ன ஆச்சுன்னா, கையில பட்டை கட்டி பாத்தா 178, ஆனா சுருங்கின இடத்தை தாண்டி இடது கிட்னிக்குள்ள போய் சேர்ற அழுத்தம் அதைவிட ரொம்ப கம்மி. அந்த செல்களுக்கு தெரியறது அந்த இடத்து அழுத்தம் மட்டும்தான், அதனால உடம்பு முழுக்க பிபி விழுந்துடுச்சுன்னு முடிவு பண்ணி ரெனினை விட்டுக்கிட்டே இருக்கு. 1934லயே ஹாரி கோல்ட்பிளாட் நாயோட கிட்னி ரத்தக்குழாய்ல கிளிப் போட்டு இறுக்கி, பிபி ஏறறத காட்டிட்டாரு. அங்க கிளிப் பண்ண வேலையைத்தான் இங்க சுருக்கம் பண்ணுது.

ரெனின் தானா பிபியை ஏத்தாது. கல்லீரல்ல இருந்து வர்ற ஆஞ்சியோடென்சினோஜென்ங்கற புரதத்துல ஒரு துண்டை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும், அதுக்கும் பெருசா வேலை இல்ல. அது நுரையீரல் ரத்தக்குழாய்கள் வழியா போகும்போது அங்க இருக்கற ஏஸ் என்சைம் இன்னும் கொஞ்சம் வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்கும். ஆட்டம் காட்டறது இதுதான். உடம்பு பூரா சின்ன ரத்தக்குழாய்களை இறுக்கும், கிட்னிக்கு மேல உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பியை தூண்டி ஆல்டோஸ்டீரோன் சுரக்க வைக்கும்.

பொட்டாசியம் கதை ஆல்டோஸ்டீரோன்லதான் இருக்கு. சிறுநீர் ஓடற நுண்குழாயோட கடைசி பகுதியில அது சோடியத்துக்கு வாசலை திறந்து விடும். பிளஸ் சார்ஜ் உள்ள சோடியம் செல்லுக்குள்ள ஏறிடுச்சுன்னா சிறுநீர் பக்கம் மைனஸ் ஆயிடும், அந்த மைனஸ் செல்லுக்குள்ள இருக்கற பொட்டாசியத்தை வெளிய இழுக்கும். உப்பு உள்ள, பொட்டாசியம் வெளிய. உப்போட தண்ணியும் தங்கறதால பிபி இன்னும் ஏறும்.

ஆனா இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. இந்த இழுப்பு நடக்கணும்னா அந்த கடைசி பகுதிக்கு சோடியம் வந்து சேரணும். சுருங்கின இடது கிட்னியில வடியறதே கம்மி, அதுலயும் பெரும்பாலான சோடியத்தை வழியிலயே உறிஞ்சிடும், அதனால கடைசிக்கு வர்றது கொஞ்சம்தான். வலது கிட்னி அப்படி இல்ல. முழு 178ம் நேரா அது மேல விழுது, அது தன்னோட ரெனினை அணைச்சே வச்சிருக்கும், அழுத்தத்தால சோடியமும் தாராளமா கடைசி வரைக்கும் வருது, இடது கிட்னி கிளப்பிவிட்ட ஆல்டோஸ்டீரோன் ரத்தம் வழியா அங்கயும் வந்து நிக்குது. அப்போ பொட்டாசியம் பெரும்பாலும் போறது நல்லா இருக்கற கிட்னி வழியா! பேதியில உடம்பு வறண்டு போனவங்களுக்கு ஆல்டோஸ்டீரோன் ஏறினாலும் சிறுநீர் வழியா பொட்டாசியம் இந்த அளவுக்கு கொட்டாததுக்கும் இதே காரணம்தான், சோடியம் கடைசிக்கு வர்றதில்ல.

எல்லா கிட்னி குழாய் சுருக்கத்துலயும் பொட்டாசியம் குறையும்னு சொல்ல வரல, நார்மலா இருக்கறவங்களும் உண்டு. நீர் மாத்திரையாலயும் குறையும். அட்ரினல் தானாவே அதிகமா ஆல்டோஸ்டீரோன் சுரந்தாலும் பிபி கூடி பொட்டாசியம் குறையும், ஆனா அதுல ரெனின் அடங்கி கிடக்கும், குழாய் சுருக்கத்துல பொதுவா ரெண்டுமே கூடியிருக்கும். ரெனின் டெஸ்ட் எடுக்கறதா இருந்தா என்னென்ன மாத்திரை ஓடுதுன்னு சொல்லிட்டு எடுங்க, டெல்மிசார்டன் போட்டாலே ரெனின் ஏறும்.

டெல்மிசார்டன் பண்றது என்னன்னா, ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டற இடத்தை முன்னாடியே பிடிச்சுக்கும். ரத்தக்குழாய் தளரும், ஆல்டோஸ்டீரோன் குறையும், பொட்டாசியம் மேல வரும். இதோட இன்னொண்ணும் நடக்கும், அதுக்குத்தான் அந்த பத்து நாள் டெஸ்ட். முடிச்சுல இருந்து வெளிய போற குழாயை ஆஞ்சியோடென்சின் 2 இறுக்கி வச்சுதான் சுருங்கின கிட்னி வடிகட்டற அழுத்தத்தை ஒருமாதிரி தாக்குப்பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மாத்திரை அந்த பிடியை தளர்த்திடும், இடது கிட்னி வடிகட்டறது குறையும். வலது நல்லா இருந்தா அது ஈடு கட்டிக்கும்.

வடிகட்டறது குறைஞ்சா ரத்தத்துல தேங்கற கழிவுதான் கிரியாட்டினின். உதாரணமா பத்தாவது நாள் அது 1.3, பொட்டாசியம் 4.3ன்னு வருதுன்னு வைங்க. 1.1ல இருந்து 1.3 கிட்டத்தட்ட 18 சதவீதம், 30 சதவீதம் வரைக்கும் பொதுவா மாத்திரையை தொடர விடுவோம், பொட்டாசியமும் 3.5க்கும் 5க்கும் நடுவுல நல்லா உக்காந்திருக்கு. அதே 1.1 திடீர்னு 1.8 ஆச்சுன்னா 60 சதவீதத்துக்கு மேல, வலது பக்க குழாயும் சுருங்கியிருக்கோன்னு சந்தேகம் வரணும். ஸ்கேன்ல வலது குழாயையும் தெளிவா பாத்தாங்களான்னு இப்பவே கேட்டு வச்சுக்கங்க. பொட்டாசியம் 5.5ஐ தாண்டினா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசணும், 6க்கு மேலன்னா நேரா ஆஸ்பத்திரி. பொட்டாசியம் கூடினா பல பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, இதயத்துடிப்புலதான் முதல்ல கை வைக்கும், அதனால நல்லாதானே இருக்காங்கன்னு டெஸ்ட்டை தள்ளிப்போடாதீங்க.

சோடியம் கம்மின்னு விக்கற மாற்று உப்புல பல வகை பொட்டாசியம் குளோரைடுதான், அம்மா சாப்பாட்டுல அது வேணாம். மூட்டு வலின்னு ஐபுபுரூஃபென் மாதிரி மாத்திரையை கடையில வாங்கி போட்டாலும் ஆபத்து, முடிச்சுக்குள்ள வர்ற குழாயை அது சுருக்கும், டெல்மிசார்டன் வெளிய போற பக்கத்தை தளர்த்தும், நடுவுல வடிகட்டற அழுத்தமே விழுந்துடும். ரெண்டு மூணு தடவைக்கு மேல வாந்தியோ பேதியோ ஆனா அன்னைக்கு அடுத்த டெல்மிசார்டனை குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க, அன்னைக்கு நிறுத்த சொல்வாங்கன்னுதான் நினைக்கறேன்.