டெப்ளாய்மென்ட் டயக்ராமா, காம்பொனன்ட் டயக்ராமா? யாரிடம் எதைக் காட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆர்டர் சிஸ்டத்தை ஆப்பரேஷன்ஸ் டீமிடம் ஒப்படைக்கப் போகிறோம். உள்ளே ஆர்டர், பேமென்ட், ரிப்போர்ட் என்று மூன்று பகுதி. மொத்தமும் ஒரே வார் ஃபைல்தான், இரண்டு சர்வரில் ஓடுகிறது. நல்ல காம்பொனன்ட் டயக்ராம் கைவசம் இருக்கிறது, அதையே கொடுத்துவிடலாமா?

பதில்: அதை மட்டும் கொடுத்தால் வம்பு. அவர்களுக்கு நடுராத்திரியில் அலாரம் அடித்தால் எந்த மெஷினில் என்ன ஓடுகிறது, அது படுத்தால் கூடவே வேறு எதெல்லாம் படுக்கும் என்றுதான் முதலில் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் மூன்று பெட்டி தனித்தனியாக நிற்கிறது, அதைப் பார்க்கிறவர் "ரிப்போர்ட்தானே தொங்குகிறது, அதை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணலாம்" என்று நினைப்பார். நிஜத்தில் அவரால் ரீஸ்டார்ட் பண்ண முடிந்தது அந்த ஒரே வார் ஃபைலைத்தான், அதோடு அந்த சர்வரில் பாதியில் இருக்கிற பேமென்டும் போய்விடும். படத்தில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அவர் கேட்கிற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அவர்களுக்கு இந்த அளவு டெப்ளாய்மென்ட் படம் போதும், பிளான்ட்யுஎம்எல்-இல் அப்படியே ஓடும்:

```
@startuml
node "app-1" {
  artifact "orders.war" as w1
}
node "app-2" {
  artifact "orders.war" as w2
}
node "db-1" {
  database "orders" as db
}
w1 --> db : TCP 5432
w2 --> db : TCP 5432
@enduml
```

வரைந்த பிறகு ஒரு விஷயம் கண்ணில் படும். `orders.war` இரண்டு இடத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் பகுதிக்குள் ராத்திரி தானாக ஓடுகிற வேலை ஏதாவது இருந்தால் அதுவும் இரண்டு இடத்தில் ஓடும். இருக்கிறதா?

அவரே: இருக்கிறது. ஒரே ரிப்போர்ட் இரண்டு மெயிலாக வருகிறது என்று ரொம்ப நாளாகப் புகார். மெயில் சர்வரைத்தான் குடைந்துகொண்டிருக்கிறோம்!

பதில்: மெயில் சர்வரை விடுங்கள், இரண்டு சர்வரின் லாக் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த வேலை ஒரே நேரத்தில் இரண்டிலும் தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் ஒரு சர்வரில் மட்டும் ஓடும்படி டேட்டாபேஸில் பூட்டு மாதிரி ஒரு ரோ வைத்தோ, செட்டிங் மாற்றியோ சரி செய்யலாம். காம்பொனன்ட் படத்தில் "ரிப்போர்ட்" ஒரே ஒரு பெட்டி என்பதால் இந்தக் கோளாறு அதில் தெரிய வழியே இல்லை.

கேள்வி: இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? டெவலப்பருக்கு காம்பொனன்ட், ஆப்பரேஷன்ஸுக்கு டெப்ளாய்மென்ட். முடிந்தது கதை.

பதில்: பாதி சரி. ஆள் யார் என்று பார்ப்பதைவிட அவர் எதை முடிவு செய்யப் போகிறார் என்று பாருங்கள். இதே சிஸ்டத்தில், வாடிக்கையாளர் ஏற்றுகிற ஃபைலை லோக்கல் டிஸ்கில் எழுதலாம் என்று ஒரு டெவலப்பர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். `app-1`-இல் எழுதினது `app-2`-க்குத் தெரியாது, அடுத்த ரிக்வெஸ்ட் அங்கே போனால் ஃபைலைக் காணோம். அவருக்கு அன்றைக்கு வேண்டியது டெப்ளாய்மென்ட் படம்தான். மறுபக்கம், பேமென்ட் பகுதியைப் புது வெர்ஷனுக்கு மாற்றும்போது ஆர்டர் அதை எந்த இன்டர்ஃபேஸ் வழியாகக் கூப்பிடுகிறது, அந்த இன்டர்ஃபேஸ் மாறுகிறதா என்று ஆப்பரேஷன்ஸ்காரர் கேட்டால், அவருக்கு சர்வர் படம் எதற்கு?

நான் இப்படித்தான் பிரிப்பேன். ஒரு பகுதியை வேறு மெஷினுக்கு நகர்த்தினால் மாற வேண்டிய படம் டெப்ளாய்மென்ட். அதே இடத்தில் வைத்து, வேறு ஒருவர் எழுதின பகுதியை மாட்டினால் பார்க்க வேண்டிய படம் காம்பொனன்ட். பார்க்கிறவரின் கவலை இந்த இரண்டில் எது என்று கேட்டுவிட்டு வரையுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் ப்ராஜெக்டில் சர்வர் க்யூபுக்குள்ளேயே ஆர்டர், பேமென்ட், ரிப்போர்ட் மூன்று காம்பொனன்டையும் வரைந்தேன். ஒரே படத்தில் இரண்டும் வந்துவிட்டதே. மார்க் போகுமா?

பதில்: மார்க் உங்கள் ஆசிரியர் கையில்! படம் என்று பார்த்தால், கூட்டத்தில் பேசுவதற்கு அப்படி வரைவது உண்டு, நானும் வரைவேன். ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரே ஃபைல் என்கிற விஷயம் அதில் தொலைந்துவிடுகிறது.

இன்னொருவர்: குறுக்கே வருகிறேன். யுஎம்எல் 1 காலத்தில் காம்பொனன்டை நேராக நோடுக்குள் வைக்கலாம். யுஎம்எல் 2-இல் நோடில் உட்காருவது ஆர்ட்டிஃபாக்ட், அந்த ஆர்ட்டிஃபாக்ட் எந்தெந்தக் காம்பொனன்டைத் தாங்குகிறது என்று காட்ட `«manifest»` அம்பு தனியாக இருக்கிறது. பழைய புத்தகம் பார்த்து வரைந்தால் தம்பி வரைந்தது மாதிரிதான் வரும்.

பதில்: சரியாகச் சொன்னீர்கள். தம்பி, `orders.war`-இலிருந்து மூன்று பகுதிக்கும் அந்த அம்பைப் போட்டு ஒரு சின்னப் படம் சேர்த்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் எது எது சேர்ந்து போகும் என்பது அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் மேனேஜருக்கு டெக்னிக்கல் விஷயம் புரியாது. இரண்டில் எது எளிது?

பதில்: எளிது என்று பார்த்து எடுக்காதீர்கள். இன்னொரு சர்வருக்குப் பணம் கேட்கிறீர்களா, டெப்ளாய்மென்ட். பேமென்டை வெளியாரிடம் வாங்கலாமா என்று கேட்கிறீர்களா, காம்பொனன்ட், அதிலும் பேமென்டையும் அதைத் தொடுகிற கோடுகளையும் மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: செக்யூரிட்டி ரிவ்யூவுக்கு டெப்ளாய்மென்ட் படம் அனுப்பினேன், "போதவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவும் இல்லை.

பதில்: படத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் கோடுகளில்தான் குறை இருக்கும். இரண்டு பெட்டிக்கு நடுவே வெறும் கோடு போட்டால், யார் யாரை முதலில் கூப்பிடுகிறார்கள், எந்தப் போர்ட், என்கிரிப்ட் ஆகிறதா என்று எதுவும் தெரியாது. அவர்கள் ஃபயர்வால் ரூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த மூன்றைத்தான். ஃபயர்வாலுக்கு என்று யுஎம்எல்-இல் தனிச் சின்னம் கிடையாது, `«device»` என்று போட்ட க்யூபாக வரைந்து பெயர் எழுதுவதுதான் வழக்கம். அப்புறம், டெஸ்ட் சூழலையும் புரொடக்ஷனையும் ஒரே படத்தில் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள். டெஸ்டில் டேட்டாபேஸும் ஆப்பும் ஒரே மெஷினில் இருக்கும், அதைப் பார்த்து அவர்கள் பயந்திருக்கலாம்.

கேள்வி: எங்களிடம் ஒவ்வொரு சர்வீஸும் தனித்தனி கண்டெய்னர். இரண்டு படமும் வரைந்தால் ஒன்று போலவே இருக்கிறது. ஒன்றைத் தூக்கிப் போடலாமா?

பதில்: எத்தனை பிரதி ஓடுகிறது, எந்த நோடில், டேட்டாபேஸ் எங்கே என்று எதுவும் எழுதாமல் வெறும் பெட்டியாக வரைந்தால் ஒன்று போலத்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் டெப்ளாய்மென்ட் படம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஆனால் பிரதிகள் தானாகக் கூடிக் குறைந்து, நோடு விட்டு நோடு நகர்கிற இடத்தில் எந்த நொடியின் நிலையை வரைவது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் `orders 2..6` என்று எல்லையை மட்டும் எழுதி, நோடு பெயர்களை விட்டுவிடுவேன். நோடு பெயர் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என்னோடு வேலை பார்க்கிற ஆப்பரேஷன்ஸ்காரர் ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.