தங்கை கல்யாணம் கோவா ரிசார்ட்டில். யார் எப்போது வருகிறார்கள், வண்டி, சடங்குக்கு என்ன வேண்டும் என்று ரிசார்ட்காரர்களுக்கு மெயில் எப்படி எழுதுவது?

உங்களுக்கும் விடியற்காலை முகூர்த்தம்தான் குறித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். என் தம்பி கல்யாணம் தெற்கு கோவாவில் 2024 தை மாதம் நடந்தது. முகூர்த்தம் காலை 4:30 முதல் 6 வரை. மெயில் எழுதியது முழுக்க நான். "ஊரில் சத்திரமே இல்லையா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இடம் பெண் வீட்டார் முடிவு, என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

முதல் மெயிலில் "கடல் பார்த்த புல்வெளியில் முகூர்த்தம், நாதஸ்வரம் உண்டு" என்று எழுதினேன். காலை 6 மணிக்கு முன்னால் வெளியே மேளம் வாசிக்க முடியாது என்று பதில் வந்தது. மைக் இல்லாமல் வாசிக்கலாமே என்று கேட்டேன். அதுவும் கூடாதாம். பிறகு பார்த்தால் அது கோவா சட்டம்கூட இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, நாடு முழுக்க உள்ளது. இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்கத்துக்கு வெளியே ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியமும் கூடாது. நம்மூரில் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, ஏசி ஹாலுக்கு மாற்றினோம். அங்கேதான் தப்பு செய்தேன். சடங்குத் தேவை என்ற தலைப்பில் ஊஞ்சல், வாழை மரம், அம்மி எல்லாவற்றோடும் "புனித அக்னி" என்று ஒரே வார்த்தையில் ஹோமத்தை முடித்துவிட்டேன். "குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. அவர்கள் குறித்துக்கொண்டது குத்துவிளக்கு மாதிரி ஏதோ ஒன்றை.

அன்று காலை வாத்தியார் வரட்டியை அடுக்கி நெய் விட்டு மூட்டினார். வரட்டி பற்றும்போதுதான் புகை அதிகம். ஐந்து நிமிஷத்தில் கூரையில் இருந்த புகை உணரி கத்தத் தொடங்கியது. பாதுகாப்பு ஆட்கள் ஓடி வந்தார்கள், ஒருவர் கையில் தீயணைப்பு சிலிண்டர். பட்டுப்புடவையில் தண்ணீர் கொட்டுமோ என்று அத்தை எழுந்தே விட்டார். தண்ணீர் தெளிப்பான் புகைக்குத் திறக்காது, சூட்டுக்குத்தான் திறக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் குண்டத்தை ஹாலை ஒட்டிய தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். 25 நிமிஷம் போய்விட்டது. தாலி கட்டியது 5:50க்கு.

ஆகவே சடங்கின் பெயரை எழுதாதீர்கள், அங்கே என்ன நடக்கும் என்று எழுதுங்கள். நான் இன்று எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: "இரண்டடிச் சதுர இரும்புத் தொட்டியில் விறகு, வரட்டி, நெய் போட்டு ஒரு மணி நேரம் நெருப்பு எரியும். புகை வரும். அடியில் செங்கலும் மணலும் போட்டுத் தர வேண்டும். அந்த நேரத்துக்கு ஹாலின் புகை உணரிகளை உங்கள் பொறியியல் பிரிவு நிறுத்தி வைக்குமா? தீயணைப்பானை இயக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பாரா? முடியாதென்றால் மூன்று பக்கம் திறந்த, கூரை போட்ட இடம் எது?" பொறியியல் பிரிவில் ஒருவருடைய பெயரோடு பதில் வரும் வரை விடாதீர்கள். இதில் ரிசார்ட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன், கேட்காதது என் பிழை. ஆனால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் அவர்களும்.

காபியும் அப்படித்தான். அவர்கள் காலைச் சாப்பாடு 7:30க்கு. மூன்று மணிக்கு 60 பேருக்குக் காபி, குளிக்க வெந்நீர் என்று மணி போட்டு எழுதினால்தான் சமையல்காரரை இரவில் இருக்க வைப்பார்கள்.

வருகைப் பட்டியலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கோவாவில் இப்போது விமான நிலையம் இரண்டு. டபோலிம் என்றால் டிக்கெட்டில் GOI, வடக்கே மோபா என்றால் GOX. எங்கள் ரிசார்ட்டுக்கு டபோலிமிலிருந்து ஒரு மணி நேரம், மோபாவிலிருந்து இரண்டு மணிக்கு மேல். ஆளுக்கு ஆள் வாயால் சொல்வதை நம்பாமல் டிக்கெட் படத்தையே வாங்கிக் குறியீட்டைப் பட்டியலில் ஏற்றுங்கள். நள்ளிரவு 12:40க்கு இறங்குகிறவருக்கு "12ஆம் தேதி இரவு, அதாவது 13 விடியல்" என்று இரண்டு தேதியும் போடுங்கள். இல்லையென்றால் டிரைவர் மறுநாள் இரவு போய் நிற்பார்.

எங்கள் மாமா டிக்கெட் படம் அனுப்பவில்லை. "கோவாதான்ப்பா, எத்தனை கோவா இருக்கு" என்றார். வேன் டபோலிமில் நின்றது, அவர் ஒன்பது பேரோடு மோபாவில் நின்றார். நம்மூர் போல செயலியில் கார் கூப்பிட்டுவிடலாம் என்பதும் அங்கே நடக்கவில்லை. இரண்டு டாக்சிக்கு நான்தான் பணம் கொடுத்தேன். வரவேற்பு மேடையில் ஏற்பாட்டுக்கெல்லாம் நன்றி சொல்லி மாலை போட்டது யாருக்கு என்கிறீர்கள்? அந்த மாமாவுக்குத்தான்.