மாத அறிக்கையைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் தனியாக டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறேன். ஒரு தையல் பயிற்சி நிலையத்துக்கு மாதந்தோறும் பன்னிரண்டு பக்க அறிக்கை அனுப்புகிறேன். உரிமையாளர் அம்மா அதைப் புரட்டிவிட்டு, “சரிங்க, இப்ப நான் என்ன செய்யணும்?” என்கிறார். அறிக்கையை எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் எண்கள் வரும் இடத்தை மாற்றுங்கள். கூகுளும் மெட்டாவும் தத்தம் கணக்கில் காட்டும் எண்ணிக்கையைக் கூட்டினால், இரண்டு விளம்பரங்களையும் பார்த்த ஒரே பெண் இரு முறை எண்ணப்படக்கூடும். எனவே சேர்க்கைப் பதிவேட்டில் “எப்படித் தெரிந்தது?” என்று ஒரு பத்தி போடச் சொல்லி, அதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். “கூகுளில் பார்த்தேன்” என்பவர் விளம்பரத்தைப் பார்த்தாரா, மேப்பைப் பார்த்தாரா என்று இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, கூகுளில் 12,000 ரூபாய் செலவழித்து 40 அழைப்புகளும், இன்ஸ்டாகிராமில் 8,000 ரூபாய்க்கு 80 வாட்ஸ்அப் விசாரிப்புகளும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு விசாரிப்புக்கு 300 ரூபாய், 100 ரூபாய் என்று கணக்கிட்டால் இன்ஸ்டாகிராம்தான் மலிவு. ஆனால் கூகுள் வழியாக 10 பேரும் இன்ஸ்டாகிராம் வழியாக 4 பேரும் சேர்ந்திருந்தால், ஒரு சேர்க்கைக்கான செலவு முறையே 1,200 ரூபாயும் 2,000 ரூபாயும் ஆகிறது; கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

இதைப் பார்த்தவுடன் இன்ஸ்டாகிராமை நிறுத்தச் சொல்வது அவசரம். அந்த 80 உரையாடல்களையும் உட்கார்ந்து படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அறிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாதிக்கு மேல் வீட்டு வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் பிறகு வந்தவை என்றும், “ஆரி வகுப்புக்கு ஃபீஸ் எவ்வளவு?” என்ற கேள்விக்கு மறுநாள் காலை பத்தரைக்கு “நேரில் வாங்க” என்று மட்டும் பதில் போயிருக்கிறது என்றும் தெரிந்தால், குறை விளம்பரத்தில் இல்லை, பதிலில் இருக்கிறது.

அப்போது அறிக்கையில் எழுத வேண்டியது இவ்வளவே: கட்டணமும் வகுப்பு நேரமும் அடங்கிய தானியங்கிப் பதிலை வாட்ஸ்அப் பிசினஸில் 3ஆம் தேதிக்குள் நான் அமைக்கிறேன், இரவில் விசாரித்தவர்களை மறுநாள் பதினொரு மணிக்குள் ஆசிரியை அழைத்துப் பேச வேண்டும், விளம்பரச் செலவில் இம்மாதம் மாற்றமில்லை. ஒவ்வொன்றிலும் செய்பவரும் நாளும் இருப்பதால், அந்த அம்மா கேட்கும் கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். ரீச், லைக் போன்றவற்றைக் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 10, 4 என்பவை மிகச் சிறிய எண்கள், கூடுதலாக மூன்று பேர் சேர்ந்திருந்தால் இன்ஸ்டாகிராமும் 1,200 ரூபாய்க்கு அருகில் வந்திருக்கும். ஆகவே பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் முடிவை மூன்று மாதக் கூட்டுத்தொகையைக் கொண்டே எடுங்கள். கோடை விடுமுறையில் சேர்க்கை கூடும் நிலையம் என்றால், மே மாதத்தை ஏப்ரலோடு அல்லாமல் சென்ற ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்த அறிக்கையின் முதல் பத்தியில், இம்மாதம் சொன்ன இரண்டு வேலைகளும் நடந்தனவா, இரவு விசாரிப்புகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை எழுதிவிட்டுப் புதிய எண்களுக்குப் போங்கள்.